கையில் பலம் இருக்கிறது, வேலை மட்டும் வரவில்லை: அப்ராக்ஸியாவில் மூளையின் எந்த இடம் பழுதாகிறது?

பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை தளர்ந்துவிட்டது. இடது கை நன்றாகவே இருக்கிறது. விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறார். கொசு கடித்தால் அந்தக் கையாலேயே சட்டென்று அடிக்கிறார். மருத்துவர் அந்த நல்ல கையைத் தொட்டு, "ஐயா, தலை சீவுற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்கிறார். கை மேலே எழுகிறது, பாதி வழியில் நிற்கிறது. விரல்கள் விரிகின்றன, மடங்குகின்றன. கை கன்னத்தில் போய்த் தட்டுகிறது. அவர் தன் கையையே உற்றுப் பார்க்கிறார். மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், நெற்றியில் விழுந்த முடியை அதே கையால் லாவகமாக ஒதுக்கிவிடுகிறார்.

பக்கத்தில் நிற்கும் வீட்டார் இதைப் பார்த்துவிட்டு வழக்கமாக இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவார்கள். "வேணும்னே பண்றாரு" என்பது ஒன்று. "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. மருத்துவத்தில் இந்தக் குறைக்கு அப்ராக்ஸியா என்று பெயர். இடது பக்க மூளையில் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் பலருக்கும் இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

அப்ராக்ஸியா என்ற பெயரின் கீழ் பல வகைகள் உண்டு. இங்கே கை சார்ந்த வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோளாறு கையில் இல்லை என்றால் மூளையில் எங்கே இருக்கிறது, அதைக் கட்டிலோரம் நின்றபடியே எப்படி ஊகிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

## எதை அப்ராக்ஸியா என்கிறோம்

ஹேமன் ஸ்டைன்டால் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1871-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு இன்று இருக்கும் பொருளைக் கொடுத்தவர் பெர்லின் மருத்துவர் ஹூகோ லீப்மான். பழகிக் கற்றுக்கொண்ட, நோக்கமுள்ள ஓர் அசைவைச் செய்ய முடியாமல் போவதே அப்ராக்ஸியா. "கற்றுக்கொண்ட" என்ற சொல் இங்கே முக்கியம். மூச்சு விடுவதும் விழுங்குவதும் யாரும் சொல்லித்தந்து வருவதில்லை. பூட்டில் சாவியைத் திருகுவது, கத்தரிக்கோலால் துணி வெட்டுவது, கையசைத்து விடை கொடுப்பது எல்லாம் எப்போதோ கற்று, பிறகு யோசிக்காமலே செய்யப் பழகியவை. பழுதாவது இந்த இரண்டாவது வகை அசைவுகள்தான்.

வேறு எந்தக் காரணத்தாலும் விளக்க முடியாதபோதுதான் இந்தப் பெயரைச் சூட்டலாம். அதனால் மருத்துவர் முதலில் நான்கு விஷயங்களை விலக்கிவிட வேண்டும்:

1. தசைப் பலவீனம். சோதிக்கும் கை அழுத்தவும் தூக்கவும் தள்ளவும் சரியாகச் செய்கிறதா?
2. உணர்ச்சி இழப்பு. கண்ணை மூடியிருக்கும்போது தன் விரல் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறதா?
3. நடுக்கம், தள்ளாட்டம். சிறுமூளைக் கோளாறில் கை இலக்கைத் தாண்டிப் போகும், ஆனால் செய்ய வந்த வேலை என்னவென்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்ராக்ஸியாவில் அந்த வேலையின் வடிவமே குலைந்திருக்கும்.
4. சொன்னது புரியாமை. நான்கில் மிகக் கடினமானது இதுதான்.

நான்காவது ஏன் கடினம்? பேச்சுக்கான பகுதிகளும் கற்ற அசைவுகளுக்கான பகுதிகளும் பெரும்பாலோருக்கு இடது மூளையில் அருகருகே இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே தமனிதான் ரத்தம் கொண்டுபோகிறது. அதனால் பேச்சுக் குறையான அஃபேசியாவும் அப்ராக்ஸியாவும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. கட்டளை காதில் விழுந்து புரியவில்லையா, புரிந்தும் கை செய்யவில்லையா என்று பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு. மருத்துவர் பேசாமல் செய்து காட்டிவிட்டு, அதே மாதிரி செய்யச் சொல்லலாம். அங்கேயும் பிழை வந்தால் பழியைப் புரிதல் மேல் மட்டும் போட முடியாது. நான்கு பொருள்களை முன்னால் வைத்து, "சீப்பு எது?" என்று கேட்கலாம், சரியாகச் சுட்டிவிட்டு, சீவுவது போல் காட்ட முடியாமல் தவித்தால் சொல் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடம்பு முழுவதும் சேர்ந்து செய்யும் கட்டளைகளையும் கொடுத்துப் பார்க்கலாம்: கண்ணை மூடுங்கள், எழுந்து நில்லுங்கள், திரும்புங்கள். கை வேலையில் முற்றிலும் தோற்பவர்களில் பலர் இவற்றை உடனே செய்துவிடுகிறார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட் இதை அழுத்திச் சொன்னவர். உடலின் நடு அச்சை அசைக்கும் நரம்புப் பாதைகள் விரல்களை அசைக்கும் பாதைகளிலிருந்து வேறானவை, அவை தப்பிவிடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

## பெர்லின், 1900: ஒரே ஆள், இரண்டு கைகள்

லீப்மான் 1900-ல் வெளியிட்ட ஒரு நோயாளியின் கதையிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது. அந்த நோயாளி 48 வயதான அரசு ஆலோசகர், வலது கைக்காரர். பேச்சுக் குறையும் மறதி நோயும் கலந்தவர் என்று எழுதி, அவரை பெர்லின் டால்டார்ஃப் மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். எதைக் காட்டச் சொன்னாலும் தப்பாகக் காட்டுவார். எடுக்கச் சொன்ன பொருளை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பார். புத்தி தடுமாறியவர் என்று நினைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

லீப்மான் ஒன்றைக் கவனித்தார். அந்தத் தப்புகள் எல்லாம் வலது கையிலேயே நடந்தன. எதைச் சொன்னாலும் அவர் வலது கையைத்தான் நீட்டினார். லீப்மான் அந்த வலது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இடது கையால் செய்யச் சொன்னார். அதே மனிதர் அதே பொருளை உடனே சரியாக எடுத்துக் கொடுத்தார். கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, இடது கை கூஜாவைத் தூக்கி ஊற்றப் போனது. அந்த நேரத்திலேயே வலது கை காலி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனது.

இந்தக் காட்சி ஒன்றே மறதி நோய் என்ற முடிவை உடைத்துவிடுகிறது. சொன்னது புரியாமல் இருந்தால் இரண்டு கைகளும் அல்லவா தவறியிருக்க வேண்டும்? ஒரு கை சரியாகச் செய்கிறது என்றால் கேட்டது புரிந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. வலது கையில் பலமும் இருக்கிறது. அப்படியானால், அறிந்த மூளைக்கும் அசைக்கும் மூளைக்கும் நடுவே எதுவோ அறுந்திருக்க வேண்டும். வலது கையை அசைக்கும் இடது மோட்டார் கார்டெக்ஸ் பெரும்பாலும் பிழைத்திருக்கும், மற்றப் பகுதிகளிலிருந்து அது துண்டிக்கப்பட்டிருக்கும் என்று நோயாளி உயிரோடு இருக்கும்போதே லீப்மான் ஊகித்தார்.

நோயாளி இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தபோது, இடது மூளையின் முன்மடலில் மேற்பரப்புக்கு அடியிலும், பின்னால் பரைட்டல் மடலிலும் சேதம் இருந்தது. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பெரிய நரம்புப் பாலம், பின்கோடிப் பகுதி தவிர, ஏறக்குறைய முழுவதும் அழிந்திருந்தது. நடுவில் மோட்டார் பகுதி தீவு போல மிச்சமிருந்தது. அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. ஒரு கையைப் பிடித்து நிறுத்திய சோதனையை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு தருகிறது.

## நல்ல கையில்தான் தேட வேண்டும்

அரசு ஆலோசகர் அபூர்வமான நோயாளி. ஒருவரை மட்டும் வைத்து விதி எழுத முடியாது. லீப்மான் 1905-ல் பக்கவாத நோயாளிகள் பலரை வரிசையாகச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். வலது பக்கம் செயலிழந்தவர்கள் 41 பேர். அவர்களுக்குச் சேதம் இடது மூளையில். இடது பக்கம் செயலிழந்தவர்கள் 42 பேர். அவர்களுக்குச் சேதம் வலது மூளையில். இரு தரப்பிலும் அவர் சோதித்தது செயலிழக்காத கையை.

முதல் தரப்பின் 41 பேரில் 20 பேருக்கு அந்த நல்ல இடது கையில் அப்ராக்ஸியா இருந்தது. இரண்டாவது தரப்பில் ஒருவருக்குக்கூட நல்ல வலது கையில் அது இல்லை.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். இடது கையை அசைப்பது வலது மூளை. முதல் தரப்பில் வலது மூளை அடிபடவில்லை. ஆனாலும் இடது கை தடுமாறுகிறது. ஆகவே இடது கை திறமையாக வேலை செய்யக்கூட இடது மூளையின் துணை வேண்டியிருக்கிறது. கற்ற அசைவுகள் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற திட்டம் இடது மூளையில் இருக்கிறது, வலது மூளை அதைக் கேட்டு வாங்கித்தான் இடது கைக்குக் கொடுக்கிறது என்று லீப்மான் சொன்னார்.

மருத்துவமனைகளில் அப்ராக்ஸியா தவறிப்போவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வலது கை செயலிழந்திருக்கும்போது எல்லார் கவனமும் அதன்மேலேயே இருக்கும். இடது கை நன்றாக அசைகிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது அசைகிறதா என்று பார்த்தால் போதாது, ஒரு வேலையைச் செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நோயாளி இடது கையில் தடுமாறினால், "அது பழக்கமில்லாத கை, அப்படித்தான் இருக்கும்" என்று தோன்றுவதும் இயல்பு. பழக்கமில்லாத கை மெதுவாக, கோணலாகச் செய்யும், ஆனால் பல் தேய்ப்பது பல் தேய்ப்பதாகவே இருக்கும். நம்மில் யாரும் இடது கையால் சீவச் சொன்னால் கன்னத்தைத் தட்ட மாட்டோம்.

## கட்டளை போகும் பாதை

லீப்மான் போட்ட படத்தைக் கெஷ்விண்ட் 1965-ல் எடுத்து விரிவாக்கினார். பின்னால் வந்தவர்கள் இன்னும் திருத்தினார்கள். எளிமைப்படுத்திச் சொன்னால், "இடது கையால் தலை சீவுவது போல் காட்டுங்கள்" என்ற கட்டளை நான்கு கட்டங்களைக் கடக்கிறது:

1. சொல் இடது மூளையின் பொட்டு மடலில் உள்ள மொழிப் பகுதியில் புரிந்துகொள்ளப்படுகிறது.
2. அங்கிருந்து காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக இருக்கும் இடது கீழ்ப் பரைட்டல் பகுதிக்குப் போகிறது. சுப்ராமார்ஜினல் மடிப்பு என்பது இதன் முக்கியமான பாகம். கை எந்த வடிவில் குவிய வேண்டும், எந்தத் திசையில், எந்த மூட்டு அசைய வேண்டும் என்ற இடமும் காலமும் கலந்த வடிவம் இங்கே எழுகிறது.
3. அது முன்னோக்கிப் போய், இடது முன்மடலின் பிரீமோட்டார் பகுதியில் தசைகளுக்கான வரிசையாக மாறுகிறது. வலது கைக்கு என்றால், பக்கத்திலேயே இருக்கும் இடது மோட்டார் கார்டெக்ஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.
4. இடது கைக்கு என்றால், செய்தி கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி வழியாகக் குறுக்கே போய், வலது பிரீமோட்டார் பகுதியையும் வலது மோட்டார் கார்டெக்ஸையும் அடைய வேண்டும்.

ரயில் பாதையில் எந்த இடத்தில் தண்டவாளம் பெயர்ந்தது என்பதைப் பொறுத்து, எந்த ஊர்களுக்கு வண்டி வராது என்று சொல்லிவிடலாம். இங்கேயும் அப்படித்தான்.

## எங்கே அறுந்தால் என்ன தெரியும்

1. பின்னால், இடது பரைட்டல் பகுதியில். இரண்டு கைகளும் பாதிக்கப்படுகின்றன, ஏனென்றால் இரண்டும் அங்கிருந்துதான் திட்டத்தை வாங்குகின்றன. மோட்டார் பகுதி தள்ளி இருப்பதால் வலது கையில் பலவீனம் இல்லாமலும் இருக்கலாம். சொல்லிச் செய்வது, பார்த்துச் செய்வது இரண்டிலும் பிழை வரும். இன்னொன்றும் உண்டு. கென்னத் ஹெயில்மானும் அவருடைய குழுவினரும் 1982-ல் நோயாளிகளுக்குப் படச்சுருளில் சைகைகளைக் காட்டி, எது சரியாகச் செய்யப்பட்டது என்று கேட்டார்கள். பின்பக்கச் சேதம் உள்ளவர்கள் பிறர் செய்வதில் உள்ள பிழையையும் பிரித்தறிய முடியாமல் திணறினார்கள்.

2. முன்னால், இடது பிரீமோட்டார் பகுதியை ஒட்டி. மோட்டார் கார்டெக்ஸும் சேர்ந்து அடிபடுவதால் வலது கை பெரும்பாலும் செயலிழந்திருக்கும், அதைச் சோதிக்கவே முடியாது. இடது கையில் அப்ராக்ஸியா தெரியும். ஆனால் அந்த ஆய்வில் முன்பக்கச் சேதம் உள்ளவர்கள், தாங்கள் செய்ய முடியாத சைகையைப் பிறர் செய்யும்போது சரி, தப்பு என்று சொல்லிவிட்டார்கள். வடிவம் மனதில் இருக்கிறது, அது கைக்கு இறங்கவில்லை. தன் கை தப்பாகப் போவது தனக்கே தெரிவதால் இப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பத் திருத்தப் பார்ப்பார்கள், கோபப்படுவார்கள், சில வேளை அழுதுவிடுவார்கள்.

3. நடுவில், கார்பஸ் கலோசத்தில். வலது கை நன்றாக இருக்கும், இடது கையில் மட்டும் அப்ராக்ஸியா. லீப்மானும் மாஸும் 1907-ல் வெளியிட்ட நோயாளி இதற்குத் தெளிவான சான்று. அவருக்கு வலது கை செயலிழந்திருந்தது. இடது கையால் சைகை செய்யவோ எழுதவோ முடியவில்லை. இறந்த பிறகு பார்த்தால், வலது கை செயலிழந்ததற்குக் காரணம் மூளைத்தண்டில் இருந்த சேதம். இடது கையின் குறைக்குக் காரணம் கார்பஸ் கலோசத்தில் இருந்த சேதம். கற்ற அசைவுகளின் திட்டம் இருக்கும் இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அங்கிருந்து இடது கைக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது.

கெஷ்விண்டும் எடித் கப்லானும் 1962-ல் விவரித்தவர் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார். மூளைக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, முன் மூளைத் தமனியின் பாதையில் ரத்தம் தடைப்பட்டு அவருடைய கார்பஸ் கலோசம் சேதமாகியிருந்தது. வாயால் சொன்னதை அவரது இடது கை செய்யவில்லை. ஆனால் செய்து காட்டினால் அதே கை அப்படியே செய்தது, பொருளைக் கொடுத்தாலும் சரியாகக் கையாண்டது. வலது மூளைக்குச் சொல் போய்ச் சேரவில்லை, கண்ணால் பார்த்தது சேர்ந்தது. கார்பஸ் கலோசம் சேதமான எல்லாருக்கும் இப்படி இல்லை. வேறு சிலருக்குப் பார்த்துச் செய்வதும் பொருளைக் கையாள்வதும்கூட வருவதில்லை. வலது மூளை தானாக எவ்வளவு அசைவு அறிவு வைத்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

## ஒரு பரிசோதனை, முதலிலிருந்து

முறை புரிவதற்காக ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 60, வலது கைக்காரர். இடது மூளையில் நடு மூளைத் தமனி அடைத்துக்கொண்டதால் பக்கவாதம். வலது கை சற்றே தளர்ந்திருக்கிறது, பேச்சு தட்டுத் தடுமாறி வருகிறது. இடது கையின் பலம், உணர்ச்சி இரண்டும் சரி. "கண்ணை மூடுங்க", "நாற்காலியில திரும்பி உட்காருங்க" இரண்டையும் செய்துவிட்டார்.

முதலில் கருவி எதுவும் தேவைப்படாத சைகை. "வணக்கம் சொல்லுங்க" என்று கேட்பது வசதியானது போலத் தோன்றும், ஆனால் சோதனைக்கு அது அவ்வளவு பயன்படாது. எதிரே ஒருவர் வந்து நின்றாலே கை தானாகக் குவிந்துவிடும் அளவுக்கு அது ஊறிப்போனது. சல்யூட் அடிப்பது, "இங்கே வா" என்று கைகாட்டுவது போன்றவை மேல். அவர் சல்யூட்டுக்குக் கையைத் தூக்குகிறார், உள்ளங்கை நெற்றிக்கு நேராகத் திரும்பி, தலைமேல் படிந்துவிடுகிறது. இது பிழை.

அடுத்து, இல்லாத பொருளை இருப்பதாக வைத்துச் செய்வது. அப்ராக்ஸியாவை அதிகமாக வெளிக்கொண்டுவருவது இந்தப் படிதான். "பல் தேய்க்கிற மாதிரி காட்டுங்க." அவர் ஆள்காட்டி விரலை நீட்டி வாய்க்குள் தேய்க்கிறார். இது உறுப்பையே கருவியாக்கும் பிழை. நம் ஊரில் ஒரு எச்சரிக்கை தேவை: விரலால் பல்பொடி தேய்த்துப் பழகியவருக்கு இது பிழையே இல்லை. அதனால் மருத்துவர், "கையில பிரஷ் இருக்கு, அதைப் பிடிச்சிருக்கிற மாதிரி காட்டுங்க" என்று திருத்துகிறார். மூளை நலமாக உள்ளவர் உடனே விரல்களைக் குவித்து மாற்றிக்கொள்வார். இவர் முஷ்டியை மடக்கி, தாடைக்கு ஓரடி முன்னால் மேலும் கீழும் ஆட்டுகிறார். பிடிக்கும் வடிவம், வாய்க்கான தூரம், அசையும் திசை மூன்றும் தப்பு.

"கத்தரிக்கோலால பேப்பர் வெட்டுங்க" என்றால், விரல்கள் திறந்து மூடுவதற்குப் பதிலாக முழங்கை பக்கவாட்டில் ஆடுகிறது. அசைய வேண்டிய மூட்டு ஒன்று, அசைவது வேறொன்று. அப்ராக்ஸியாவின் கையெழுத்து என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, பார்த்துச் செய்வது. மருத்துவர் பேசாமல் பல் தேய்த்துக் காட்டுகிறார். இவருடைய கை கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் பிடி இன்னும் தப்பு. குறை வெறும் புரிதலில் இல்லை என்பது இங்கே உறுதியாகிறது.

நான்காவது, உண்மையான பிரஷைக் கையில் கொடுக்கிறார். அசைவு பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. கைப்பிடியின் தடிமனும் பல்லில் படும் உணர்வும் கையை வழிநடத்துகின்றன. வீட்டில் "நல்லாத்தானே பல் தேய்ச்சாரு!" என்று சொல்வதற்கும், மருத்துவமனையில் "இவருக்கு அப்ராக்ஸியா" என்று எழுதுவதற்கும் நடுவே இருக்கும் முரண் இதுதான். இரண்டுமே உண்மை.

கடைசியாக, மருத்துவர் மூன்று சைகைகள் செய்கிறார்: மூக்கருகில் கையை ஆட்டுவது, பிடி சரியில்லாமல் தேய்ப்பது, சரியாகத் தேய்ப்பது. எது பல் தேய்ப்பது என்று தலையாட்டச் சொல்கிறார். நோயாளி மூன்றாவதுக்கு உறுதியாகத் தலையாட்டுகிறார். சொல்லிச் செய்வதிலும் பார்த்துச் செய்வதிலும் பிழை, பிறர் செய்வதைக் கணிப்பதில் பிழையில்லை, வலது கையில் சிறிது பலவீனம், பேச்சு தடுமாற்றம். எல்லாம் சேர்ந்து இடது முன்பகுதியையும் பரைட்டலிலிருந்து முன்னால் வரும் நரம்பிழைகளையும் சுட்டுகின்றன. மூன்றாவதை அவரால் தேர்ந்தெடுக்க முடியாமல் போயிருந்தால், ஸ்கேனைப் பார்க்கும்போது முதலில் பின்னால் பார்த்திருப்போம்.

## படம் ஒத்துவராத இடங்கள்

இந்தப் படத்தை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு ஆலோசகரையே பாருங்கள். அவருடைய கார்பஸ் கலோசம் அழிந்திருந்தது. 1907-ன் விதிப்படி இடது கைதான் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறியதோ வலது கை. ஒருவருடைய மூளையில் அசைவு அறிவு எவ்வளவு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது எல்லாருக்கும் ஒன்றில்லை. இடது கைக்காரர்களிடம் இது இன்னும் அதிகமாக மாறுகிறது.

பரைட்டல் பகுதியை வெறும் சேமிப்புக் கிடங்காக நினைப்பதிலும் சிக்கல் உண்டு. கியோர்க் கோல்டன்பெர்க் என்ற நரம்பியலாளர், எந்த அர்த்தமும் இல்லாத கை நிலைகளைக் காட்டி அப்படியே செய்யச் சொன்னார்: புறங்கையை மூக்கருகே வைப்பது, கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் வைப்பது. யாரும் இவற்றை முன்பே கற்றிருக்க முடியாது, அதனால் நினைவில் தேட ஒன்றுமில்லை. ஆனாலும் இடது கீழ்ப் பரைட்டல் சேதம் உள்ளவர்கள் இதில் தவறினார்கள். அந்தப் பகுதி உடம்பின் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இடமாகவும் வேலை செய்கிறது என்பது அவருடைய வாதம். எனக்கு இது பழைய விளக்கத்தைவிட வலுவானதாகப் படுகிறது.

மூளையின் உள்ளே ஆழத்தில் சேதம் வந்தாலும் அப்ராக்ஸியா வருவதாக அறிக்கைகள் உண்டு. அவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலும் பக்கத்தில் ஓடும் வெண்ணிற நரம்பிழைகளும் அடிபட்டிருந்தன. பாதை அறுவதுதான் அங்கேயும் நடக்கிறது.

பக்கவாதமே இல்லாமலும் இது வரலாம். மாதக்கணக்கில், ஒரு கையில் மட்டும் மெல்ல மெல்ல வேலைத்திறன் குறைந்து, விறைப்பும் சேர்ந்துகொண்டால் கார்டிகோபேசல் நோய்க்குறியை நினைக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு கரும்புள்ளியை ஸ்கேனில் தேடிப் பயனில்லை; மூளையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சுருங்கிக்கொண்டு போகும்.

பெயரில் மட்டும் அப்ராக்ஸியா என்று வருபவையும் சில உண்டு. சட்டையைத் திருப்பி, தலைகீழாகப் போட்டுக்கொள்வதை உடை அப்ராக்ஸியா என்பார்கள். பெரும்பாலும் வலது பரைட்டல் சேதத்தில் வருவது அது, இடத்தையும் திசையையும் உணர்வதில் உள்ள குறை. மேலே சொன்ன பாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

## வீட்டுக்கு வந்த பிறகு

கருவியைக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் கவலை எதற்கு என்று தோன்றலாம். எல்லாருக்கும் சரியாகிவிடுவதில்லை. சிலருக்குப் பொருள்களின் பயனே குழம்பும், அல்லது பல படிகள் உள்ள வேலையில் வரிசை குலையும். மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னால் வர்த்தியையே தீப்பெட்டியில் உரசுவார். இதை ஐடியேஷனல் அப்ராக்ஸியா என்கிறார்கள். இடது மூளையின் பின்பகுதியில் பெரிய சேதம் இருக்கும்போது அதிகம் தெரிகிறது. இப்படிப்பட்டவரைத் தனியாக அடுப்படியில் விடக் கூடாது. சவரக் கத்தி, அரிவாள்மணை, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பேச்சுப் போன நோயாளிக்கு, "பேச வரலைன்னா சைகையில சொல்லுங்க" என்று வீட்டார் சொல்வது இயல்பு. அப்ராக்ஸியாவும் இருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். தண்ணீர் வேண்டும் என்று காட்ட முயன்று, கை வேறெங்கோ போய், அவர் எரிச்சலில் கையை உதறுவார். அதற்குப் படங்கள் உள்ள அட்டையே நல்லது, டம்ளர் படத்தைத் தொட்டால் போதும். சுட்டிக்காட்டும் அசைவு பலருக்குத் தப்பியிருக்கும்.

பயிற்சியால் முன்னேற்றம் உண்டு, ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற வேலையில் திருத்தம் வருகிறது, பயிற்சி பெறாத வேலைக்கு அது பெரும்பாலும் பரவுவதில்லை. சட்டை மாட்டப் பழகியவருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுவது தானாக வந்துவிடாது. அதனால் அவருக்கு அன்றாடம் வேண்டிய இரண்டு மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அவருடைய சொந்தப் பொருள்களை வைத்து, அவை வழக்கமாக நடக்கும் இடத்திலேயே பழக்க வேண்டும். பல் தேய்ப்பது வாஷ்பேசின் முன்னால், காலையில், அவருடைய பிரஷோடு.

பழக்கும்போது தப்பு செய்யவிட்டுப் பிறகு திருத்துவதைவிட, தப்பு நேராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பின்னால் நின்று அவருடைய கையின்மேல் உங்கள் கையை வைத்து, முழு அசைவையும் சேர்ந்தே செய்யுங்கள். நாலைந்து நாளில் பிடி சரியாக வரத் தொடங்கினால், முதலில் கடைசிப் படியில் உங்கள் கையை எடுங்கள். அப்புறம் அதற்கு முந்தைய படியில். அந்த நேரத்தில் "இப்படி இல்லைங்க, அப்படி" என்று பேச்சால் வழிகாட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சொல்லிலிருந்து கைக்குப் போகும் பாதைதான் அவருக்கு அறுந்திருக்கிறது. பிரஷைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற மாதிரி நிற்க வைத்தால், பல நாட்களில் அதுவே போதுமானதாக இருக்கும்.